59 ரூபாய் வித்தியாசம்

கேள்வி: ஐயா, பி.காம். முடித்துவிட்டு ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. கவுன்டரில் பில் போட ஒரு மென்பொருள், கணக்குக்கு டேலி என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. பில் காப்பியைப் பார்த்து டேலியில் நான்தான் ஏற்றுகிறேன். இந்த மாதக் கடைசியில் பில்லிங்கில் வரும் பாக்கிப் பட்டியலும் டேலியின் சண்ட்ரி டெட்டார்ஸ் மொத்தமும் 45 ரூபாய் இடிக்கின்றன. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று படித்திருக்கிறேன். அப்படித் தேடியும் கிடைக்கவில்லை. சீனியர் அக்கா, "ரவுண்ட் ஆஃப்ல போட்டு முடிச்சிடு" என்கிறார். போட்டுவிடலாமா? தேடுவதென்றால் எங்கே தொடங்குவது? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

போட வேண்டாம். அதற்கான காரணம் டேலியிலேயே இருக்கிறது. சண்ட்ரி டெட்டார்ஸ் என்பது ஒரு குரூப். குரூப்பில் நேரடியாக ஒரு ரூபாய்கூட எழுத முடியாது. அதற்குக் கீழே உள்ள ஏதாவது ஒரு பார்ட்டியின் லெட்ஜரில்தான் எழுத முடியும். அப்படியானால் அந்த 45 ரூபாயை எந்தப் பார்ட்டியின் தலையில் வைப்பீர்கள்? யார் கணக்கில் தவறு என்று தெரியாமல் யாரோ ஒருவர் கணக்கில் எழுதினால், சரியாக இருந்த அந்தக் கணக்கும் அன்றோடு தவறாகிவிடும். மொத்தம் மட்டும் ஒத்துப்போகும். பிறகு தேடுகிறவருக்கு வித்தியாசம் இருந்த சுவடே தெரியாது.

எங்கே தொடங்குவது என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஒரு பெண் இதே போன்ற வித்தியாசத்தைத் துரத்திய கதையைச் சொல்கிறேன். உங்களைப் போலவே சின்ன வயது, அவருக்கும் கணக்கில் அதுதான் முதல் வேலை. கடையும் கிட்டத்தட்ட உங்கள் கடைதான்: பைப், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம், பில் ஓர் இடத்தில், கணக்கு வேறிடத்தில். செப்டம்பர் 30 அன்று பில்லிங் பாக்கிப் பட்டியல் 12,47,836 ரூபாய் காட்டியது. டேலியில் 12,47,777 இருந்தது. டேலியில் 59 ரூபாய் குறைவு.

அந்த 59 பார்ப்பதற்கே ஒரு கதை சொல்கிற எண். 50 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய், ஆக 59. பக்கத்து மேசையில் இருந்தவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வெளியூர் பார்ட்டி அனுப்பின பணத்துல பேங்க் சார்ஜ் பிடிச்சிருப்பான். பேங்க் சார்ஜஸ்ல போடும்மா." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் வங்கி ஸ்டேட்மென்டை எடுத்துச் செப்டம்பர் முழுவதும் பார்த்தார். 59 ரூபாய்ப் பிடித்தம் எங்கும் இல்லை. வந்த பணம் ஒவ்வொன்றும் ரசீதுத் தொகையோடு ஒத்துப்போனது. அந்தக் கதை அங்கேயே முடிந்தது. 9-ஆல் வகுத்தும் பார்த்தார். 59 வகுபடவில்லை. 'சரி, இலக்கம் இடம் மாறவில்லை' என்று அதையும் ஒதுக்கிவைத்தார். அந்த முடிவு தவறு. ஏன் என்று பிறகு வருகிறேன்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும். தொகையைத் தேடுவதை விட்டுவிட்டுத் தேதியைத் தேடினார். கடைசியாக இரண்டும் எப்போது ஒத்துப்போயின? ஆகஸ்ட் 31 அன்று ஒத்துப்போனதற்கு ஃபைலில் அச்சுத்தாள் இருந்தது. ஆனால் தாளில் ஒத்துப்போனது மட்டும் போதாது. டேலியில் தேதியை ஆகஸ்ட் 31-க்கு மாற்றி, இன்று திரையில் வரும் தொகையும் அன்று அச்சடித்த தொகையும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மாதம் முடிந்த பிறகு யாராவது பழைய வவுச்சர் ஒன்றைத் திறந்து திருத்தியிருந்தால், இந்த மாதம் முழுவதும் தலைகீழாக நின்று தேடினாலும் கிடைக்காது. பில்லிங் பக்கமும் இதையே செய்ய வேண்டும். அவருக்கு இரண்டு பக்கமும் மாறாமல் இருந்தன. ஆகவே தவறு செப்டம்பருக்குள்தான் இருந்தது.

பிறகு மாதத்தைப் பாதியாக வெட்டினார். செப்டம்பர் 15 என்று தேதி கொடுத்து இரண்டு மொத்தங்களையும் எடுத்தார். வித்தியாசம் பூஜ்யமாக இருந்தால் தவறு இரண்டாம் பாதியில், 59 ஆக இருந்தால் முதல் பாதியில் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. வந்தது இரண்டும் இல்லை. 15-ஆம் தேதி நிலவரப்படி டேலியில் 2,124 ரூபாய் அதிகமாக இருந்தது.

இந்த இடத்தில் பலர் பயந்துபோய், தேதியை மாற்றியதில் ஏதோ பிசகு என்று நினைத்து அறிக்கையை மூடிவிடுவார்கள். அவர் மூடவில்லை. மாதக் கடைசியில் 59 குறைவு, நடுவில் 2,124 அதிகம் என்றால், இரண்டாம் பாதியில் எதிர்த்திசையில் 2,183 ரூபாய்க்கு வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும். 59 என்பது ஒரு தவறின் அளவே அல்ல. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சிய தொகை அது. சின்ன வித்தியாசத்தைச் சின்னத் தவறு என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். 2,124 ரூபாய் தனியாக இடித்திருந்தால், அதை ரவுண்ட் ஆஃபில் போடச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது.

இரண்டு தவறு என்று தெரிந்ததும் தேதியில் மேலும் வெட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. செப்டம்பர் 30 நிலவரப்படி பார்ட்டி வாரியாக இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டாலே போதும், எந்தப் பார்ட்டியில் இடிக்கிறது என்று வந்துவிடும். 'இதை முதலிலேயே செய்திருக்கலாமே' என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம்தான். ஆனால் பெயர்கள் ஒத்துப்போகாது. பில்லிங்கில் 'ஸ்ரீ' சேர்த்து இருக்கும், டேலியில் இருக்காது. ஒன்றில் 'ஹார்டுவேர்ஸ்', மற்றதில் 'ஹார்டுவேர்' என்று இருக்கும். அகர வரிசையில் வைத்தால் இரண்டு பட்டியல்களும் வேறு வேறு வரிசையில் நிற்கும். அதனால்தான் எல்லோரும் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அவர் பெயரை விட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணைப் பிடித்துக்கொண்டார். பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், எழுத்தும் இலக்கமும் கலந்து 15 இடங்கள் கொண்ட அந்த எண் இரண்டு பக்கமும் ஒன்றுதான். எக்செல்லில் A பத்தியில் பில்லிங்கின் ஜிஎஸ்டி எண், B-யில் பாக்கி. D-யில் டேலியின் ஜிஎஸ்டி எண், E-யில் பாக்கி. பிறகு C2-வில் இப்படி எழுதிக் கீழே வரை இழுத்துவிட்டார்:

```
=SUMIF(D:D,A2,E:E)-B2
```

பூஜ்யம் வந்தால் ஒத்துப்போகிறது என்று பொருள். கூட்டல் வந்தால் டேலியில் அதிகம், கழித்தல் வந்தால் டேலியில் குறைவு. ஒரே பார்ட்டிக்கு டேலியில் தவறுதலாக இரண்டு லெட்ஜர் இருந்தாலும் இந்தச் சூத்திரம் இரண்டையும் கூட்டிக்கொள்ளும். ஆனால் டேலியில் மட்டும் இருந்து பில்லிங்கில் இல்லாத பார்ட்டியை இது காட்டாது. அதற்குப் பட்டியலைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறைப் பார்ட்டிகளுக்குக் கைபேசி எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் முழுக்கப் பூஜ்யம். இரண்டே இரண்டு பார்ட்டிகள்தான் இடித்தன. ஒருவரிடம் கூட்டல் 2,124, இன்னொருவரிடம் கழித்தல் 2,183.

முதல் பார்ட்டியின் பேரேட்டை இரண்டு பக்கமும் அச்செடுத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டு போனார். பில்கள் ஒத்துப்போயின. வரவும் ஒத்துப்போனது. சரக்கு திரும்பியதற்குப் போட்ட கிரெடிட் நோட் மட்டும் பில்லிங்கில் 8,850, டேலியில் 6,726. இந்த இரண்டு எண்களையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எந்த இலக்கமும் இடம் மாறியதாகத் தெரியாது. வவுச்சரைத் திறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வரிக்கு முந்தைய மதிப்பு தாளில் 7,500. டேலியில் 5,700 என்று ஏறியிருந்தது. 7-ம் 5-ம் இடம் மாறிவிட்டன. அதன்மேல் 18 சதவீத வரியை டேலி தானாகவே கணக்கிட்டுக்கொண்டதால் 1,350-க்குப் பதில் 1,026 வரி வந்து, மொத்தம் 6,726 ஆகிவிட்டது. வரி போட்ட பிறகு இடமாற்றத்தின் அடையாளமே அழிந்துபோகிறது. ஜிஎஸ்டி வவுச்சர்களில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து இலக்கம் மாறியதா என்று தேடினால் கிடைக்காததற்கு இது ஒரு முக்கியமான காரணம். நீங்கள் மொத்தத்தைப் பார்த்தீர்களா, வரிக்கு முந்தைய மதிப்பைப் பார்த்தீர்களா?

கிரெடிட் நோட்டில் இந்தத் தவறு நடந்ததால்தான் வேறு எங்கேயும் மணி அடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ரொக்க ரசீதில் நடந்திருந்தால் அன்று மாலையே கல்லாவில் இடித்திருக்கும். வங்கி வரவில் நடந்திருந்தால் ஸ்டேட்மென்டில் இடித்திருக்கும். கிரெடிட் நோட்டுக்கு எதிர்ப் பக்கத்தில் இருப்பது விற்பனைத் திரும்பலும் வரியும்தான். அவற்றை யாரும் தினமும் எண்ணிப் பார்ப்பதில்லை. நேரம் குறைவாக இருந்தால் கிரெடிட் நோட், டெபிட் நோட், ஜர்னல் இந்த மூன்றையும் முதலில் புரட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது பார்ட்டியில் தொகை எதுவும் மாறவில்லை. டேலியில் ஒரு வரியே இல்லை. ஒரே நாளில் அந்தப் பார்ட்டிக்கு 412, 413 என்று இரண்டு பில்கள் போட்டிருந்தார்கள். சரக்கு ஒரே வண்டியில் போனதால் இரண்டு காப்பிகளையும் சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் வைத்திருந்தார்கள். ஏற்றியவர் மேலே இருந்த 412-ஐ ஏற்றிவிட்டுத் தாளைத் திருப்பிவிட்டார். 413-இன் மதிப்பு 1,850, வரி 333, மொத்தம் 2,183. டேலியில் வவுச்சர் எண் தானாக ஓடும்படி வைத்திருந்ததால் எண்களில் இடைவெளியும் விழவில்லை. பில் எண்ணை ரெஃபரென்ஸ் கட்டத்தில் எழுதும் பழக்கம் இருந்திருந்தால், 412-க்கு அடுத்து 414 நிற்பது கண்ணில் பட்டிருக்கும்.

ஆக, முதல் தவறால் டேலியில் 2,124 கூடியது, இரண்டாவதால் 2,183 குறைந்தது, மிச்சம் 59. இரண்டிலும் 18 சதவீத வரி இருந்ததால் மிச்சத்திலும் அதே விகிதம் வந்து, வங்கிக் கட்டணம் போல வேஷம் கட்டிக்கொண்டது. தற்செயல்தான். ஆனால் இப்படிப்பட்ட தற்செயல்களை நம்பி எழுதப்பட்ட ஜர்னல்கள் எத்தனையோ கடைகளில் இருக்கின்றன.

இப்போது உங்கள் 9-ஆல் வகுக்கும் விதிக்கு வருகிறேன். அந்த விதி சரியானதுதான். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் கட்டாயம் 9-இன் மடங்காக இருக்கும். ஆனால் தவறு ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் அதை வைத்து எதையாவது சொல்ல முடியும். அந்தப் பெண்ணின் 59 வகுபடவில்லை, ஆனாலும் உள்ளே இடம் மாறிய இலக்கம் இருந்தது. உங்கள் 45 வகுபடுகிறது, உள்ளே இடமாற்றமே இல்லாமலும் இருக்கலாம். எந்த எண்ணை எடுத்தாலும் அது 9-ஆல் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு எப்படியும் இருக்கிறதே! இன்னொன்று, ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் வித்தியாசம் 9-இன் மடங்காகத்தான் வரும். 50 என்பதை 5 என்று ஏற்றினால் சரியாக 45 இடிக்கும். வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி மாதிரி சின்னத் தொகைகளை பில்லில் தனி வரியாகப் போடுகிற வழக்கம் உங்கள் கடையில் இருந்தால் அவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். 16, 61 மாதிரியான ஜோடிகளை மட்டும் தேடியிருந்தால் இது தப்பிப் போயிருக்கும்.

ரவுண்ட் ஆஃப் என்று அக்கா சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பில்லிங் மென்பொருள் முழு ரூபாய்க்குத் திருத்திக்கொள்ள, டேலியில் பைசாவோடு ஏறினால், ஒவ்வொரு பில்லிலும் 50 பைசா வரை இடிக்கலாம். ஆனால் அப்படி வரும் வித்தியாசம் பல பார்ட்டிகளிடம் பைசா பைசாவாகச் சிதறிக் கிடக்கும், மொத்தத்திலும் பெரும்பாலும் பைசா இருக்கும். எக்செல் பட்டியலில் 0.30, -0.45 என்று வரிசையாக வந்தால் அக்கா சொன்னதுதான் சரி. அப்போதுகூட அந்தந்தப் பார்ட்டியின் லெட்ஜரிலேயே ரவுண்ட் ஆஃப் எழுத வேண்டும். உங்களுக்கு இடிப்பது முழு 45 ரூபாய், பைசா இல்லாமல் என்றால், காரணம் ரவுண்ட் ஆஃபாக இருக்க வாய்ப்புக் குறைவு.

அந்தக் கடையில் பிறகு என்ன நடந்தது என்றால், பெண் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினார். அப்போது செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலாகவில்லை. மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. ஆகவே கிரெடிட் நோட் வவுச்சரிலேயே மதிப்பைத் திருத்தினார்கள், விட்டுப்போன 413-ஐ அதன் பில் தேதியிலேயே ஏற்றினார்கள். 12,47,777-இல் 2,183 கூட்டி 2,124 கழித்தால் 12,47,836. இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போயின. தாக்கல் முடிந்துவிட்டிருந்தால் இப்படிச் சத்தமில்லாமல் வவுச்சரைத் திருத்தக் கூடாது. அந்த மாத ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலாகும் முன் என்றால் ஜிஎஸ்டிஆர்-1ஏ-விலோ, அதற்குப் பிறகு என்றால் அடுத்து வரும் ஜிஎஸ்டிஆர்-1-இலோ திருத்தமாகவும் விடுபட்ட பில்லாகவும் காட்ட வேண்டும், உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

59 ரூபாயை பேங்க் சார்ஜஸில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கடையில் ஜிஎஸ்டிஆர்-1 டேலியிலிருந்துதான் போகிறது. 413 அதில் இருந்திருக்காது. அந்தப் பார்ட்டியின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் 333 ரூபாய் வரி வராமல் போயிருக்கும், அவர் போன் போட்டு, "உங்க பில் போர்ட்டல்ல இல்லையே" என்று அடுத்த பேமென்டில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார். இன்னொரு பார்ட்டிக்கோ டேலியிலிருந்து பாக்கிக் கடிதம் போகும்போது, தரவேண்டியதில்லாத 2,124 ரூபாயைக் கேட்டிருப்பார்கள். சரக்கைத் திருப்பிக் கொடுத்தவரிடம் அதற்கே பணம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பது வியாபாரத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியும். வரியாக அரசுக்குப் போவதில் நிகர வித்தியாசம் 9 ரூபாய்தான். தலைவலி முழுவதும் பார்ட்டிகளிடம்தான்.

இனி இப்படி நேராமல் இருக்க அவர் ஒரு சின்ன வேலையைச் சேர்த்துக்கொண்டார். தினமும் மாலையில் பில்லிங்கிலிருந்து அன்றைய விற்பனை மொத்தத்தையும் கிரெடிட் நோட் மொத்தத்தையும் எடுத்து, டேலியின் அன்றைய சேல்ஸ் ரிஜிஸ்டர், கிரெடிட் நோட் ரிஜிஸ்டர் மொத்தங்களோடு வைத்துப் பார்த்துக் கையெழுத்திடுவார். நடந்த இரண்டு தவறுகளுமே அந்தந்த நாள் மாலையிலேயே இதில் சிக்கியிருக்கும். பில்லிங்கிலிருந்து எக்செல்லாக எடுத்து நேரடியாக டேலிக்குள் இறக்கும் வசதி இருந்தால் கையால் ஏற்றுகிற வேலையே மிஞ்சாது. அது முதலாளி பணம் செலவழித்து எடுக்க வேண்டிய முடிவு. உங்கள் கடையில் நேரம் பார்த்துக் கேட்டுப் பாருங்கள்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அவரை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. இந்த 45 ரூபாய் இடிப்பதால் மாதக் கணக்கை முடிக்க எந்தத் தடையும் இல்லை என்பதைச் சொல்லுங்கள். டேலியில் எதையும் எழுதத் தேவையில்லை. இரண்டு மொத்தங்களும் உள்ள ஒப்பீட்டுத் தாளில், 'வித்தியாசம் 45, தேடப்படுகிறது' என்று தேதி போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள். கணக்கு முடிந்ததாகவும் இருக்கும், வித்தியாசம் மறையாமலும் இருக்கும்.

அப்புறம், நாளைக் காலையில் முதல் வேலையாகப் போன மாதக் கடைசித் தேதியை டேலியில் கொடுத்துப் பாருங்கள். அன்றே 45 இடித்தால் இந்த மாதத்து வவுச்சர்களை இனித் தொட வேண்டாம், பின்னோக்கிப் போங்கள். அன்று ஒத்துப்போனால் 15-ஆம் தேதியைக் கொடுங்கள். அங்கே என்ன தொகை வருகிறது, எந்தப் பார்ட்டியில் இடிக்கிறது என்பதோடு, அந்தப் பார்ட்டியின் பேரேட்டை இரண்டு பக்கமும் எடுத்து, பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். மேற்கொண்டு பார்க்கலாம்.